நம்ம கோயில் குழுவில் மனநோய் ‘நிரந்தரத் தீர்வு’ லிங்க் இனி வேண்டாம்

தாசேக் கெலுகோர் பக்தர்களுக்கு, குறிப்பா நம்ம கோயில் புலனக் குழுவில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார், அம்மாக்களுக்குத் தொண்டர்கள் நாங்கள் எழுதுறது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பூஜை நேரம், அன்னதானக் கணக்கு, யார் வீட்டுல துக்கம், யாருக்கு ரத்தம் வேணும்னு சொல்றதுக்காகத் தொடங்கின குழு அது. இப்போ அதுல ஒரு வகை லிங்க் திரும்பத் திரும்ப வருது. “ஒரே மண்டலத்தில் மனநோய்க்கு நிரந்தரத் தீர்வு.” “ஆங்கில மருந்து இல்லாமல் மனச்சோர்வு வேரோடு நீங்கும்.” மேலே ஒரு சாமி படம், நடுவுல வெள்ளை கோட்டு போட்ட ஒருத்தர், கீழே விலை. எடுத்துப் போடுறவங்க கெட்டவங்க இல்லை. “யாருக்காவது உதவுமே”ன்னுதான் போடுறாங்க. ஆனா அந்த உதவியோட விலை என்னன்னு நாங்கள் பக்கத்துல இருந்து பார்த்தோம். அதனால இந்த ஒரு விஷயத்துல தயவு தாட்சண்யம் இல்லாம பேசப் போறோம்.

நம்ம வட்டாரத்துல ஒரு குடும்பம். எந்தக் குடும்பம்னு கேட்காதீங்க, தேடவும் தேடாதீங்க. அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி சொல்றோம். அந்த வீட்டுப் பையனுக்கு மனச்சிதைவு நோய். காதுல குரல் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரங்க திட்டம் போடுறாங்கன்னு நம்புவான். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துல இரண்டு வருஷமா அடங்கி, வேலைக்கும் போய்க்கிட்டு இருந்தான். மருந்தால உடம்பு கனத்தது, காலையில எழ முடியாம தூக்கம். அம்மாவுக்கு அதுதான் கவலை. முகநூல்ல ஒரு தமிழ் விளம்பரம் கண்ணுல பட்டது. 48 நாள் சூரணமும் ஒரு தைலமும், 680 வெள்ளி. ஒரு நிபந்தனை: “ஆங்கில மருந்தை முதல் நாளே நிறுத்தணும், இல்லேன்னா எங்க மருந்து வேலை செய்யாது.”

நிறுத்தினாங்க. முதல் மூணு வாரம் பையன் அவ்வளவு தெளிவு! காலையில தானா எழுந்தான், முகத்துல சிரிப்பு, பேச்சுல சுறுசுறுப்பு. அம்மா கோயிலுக்கு வந்து அர்ச்சனை பண்ணிட்டுப் போனாங்க. அந்த இணையப் பக்கத்துல நன்றிக் கடிதமும் எழுதினாங்க. மண்டலம் முடிஞ்சது. ஒன்பதாவது வாரம் தூக்கம் போச்சு. பத்தாவது வாரம் ஜன்னலை எல்லாம் பலகை வச்சு அடைச்சான். பதினொன்னாவது வாரம் போலீஸ் துணையோட ஆஸ்பத்திரி. வேலையும் போச்சு. விற்றவங்களைக் கேட்டா, “பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டீங்க, இரண்டாவது மண்டலம் வாங்குங்க” என்று பதில். அம்மா எழுதின நன்றிக் கடிதம் மட்டும் இன்னும் அந்தப் பக்கத்துல இருக்கு. எடுக்கச் சொல்லியும் எடுக்கலை.

இதுல என்ன நடந்ததுன்னு புரிஞ்சுக்கணும். ஏன்னா இந்த வியாபாரமே இந்த ஒரு விஷயத்து மேலதான் நிற்குது.

மனச்சிதைவுக்குக் கொடுக்கிற மருந்தை நிறுத்தினா நோய் மறுநாளே திரும்பாது. பலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். ஆனா மருந்தோட பக்கவிளைவு அப்படி இல்லை. தூக்கக் கலக்கம், உடம்பு இறுக்கம், மந்தம் எல்லாம் அதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிக்கும். அப்போ நடுவுல ஒரு இடைவெளி வருது: பக்கவிளைவு போயிருக்கும், நோய் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில மனுஷன் உண்மையிலேயே நல்லா இருப்பான். அந்த நேரத்துல சூரணம் சாப்பிட்டா சூரணத்துக்குப் பேர், மண்ணைச் சாப்பிட்டா மண்ணுக்குப் பேர். 48 நாள் என்பது நம்ம விரதக் கணக்கு, மண்டலக் கணக்கு. பக்தி உள்ளவங்க மனசுல அது சட்டுனு ஒட்டிக்கும். விற்பனைக்கும் அது ரொம்ப வசதியான கணக்கு. பணம் வாங்கி, நன்றிக் கடிதம் வாங்கி, பொட்டலம் தீர்ந்து முடியுறதுக்குள்ள நோய் திரும்பாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

மனச்சோர்வு, பதற்றத்துக்கான மருந்துல இது வேற மாதிரி நடக்கும். அந்த வகையில சில மருந்துகளைத் திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், குமட்டல், எரிச்சல், உடம்புல மின்சாரம் பாய்ற மாதிரி ஒரு உணர்வு வரும். மருந்தைத் திடீர்னு விட்டதால வர்ற கோளாறு அது. அதுக்கு விற்றவங்க வச்சிருக்கிற பேரு “உடம்புல இருந்த ஆங்கில மருந்து நச்சு வெளியேறுது.” நல்லா இருந்தா எங்க மருந்து, மோசமா போனா நச்சு வெளியேற்றம், ரொம்ப மோசமா போனா உங்க பத்தியம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவங்க ஜெயிக்கிற ஆட்டம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளை நாள்பட்டுச் சாப்பிட்டவங்க ஒரே நாள்ல விட்டா வலிப்பு வரவும் வாய்ப்பு இருக்கு. மருந்து ஒத்துக்கலைன்னா டாக்டர் கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம், சிலருக்கு மாதம் ஒரு ஊசின்னு கூட வழி இருக்கு. இதையெல்லாம் அந்த விளம்பரம் சொல்லாது.

“அப்போ அந்தப் பக்கத்துல இருக்கிற நூறு சாட்சியும் பொய்யா?” என்று ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. எல்லாம் பொய்யா இருக்கணும்னு அவசியமே இல்லை, அதுதான் ஆபத்து. 2012இல் லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. மனச்சிதைவு அடங்கி நிலையா இருந்தவங்களைப் பற்றி நடந்த 65 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. மருந்தைத் தொடர்ந்தவங்கள்ல 100க்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள்ள நோய் திரும்பியது. மருந்துக்குப் பதிலா வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவங்கள்ல 100க்கு 64 பேருக்குத் திரும்பியது.

இந்தக் கணக்கை அந்தக் கடைக்காரர் பக்கம் நின்னு பாருங்க. 100 பேர் அவர் பேச்சைக் கேட்டு மருந்தை விடுறாங்க, சூரணம் சாப்பிடுறாங்க. சூரணத்துக்கு எந்தச் சக்தியும் இல்லைன்னே வச்சுக்கங்க. அப்பவும் 36 பேர் ஒரு வருஷம் நல்லா இருப்பாங்க. அந்த 36 பேரும் உண்மையான மனுஷங்க. கண்ணீரோட நன்றி சொல்வாங்க, காணொளி கொடுப்பாங்க. மிச்சம் 64 பேர் ஆஸ்பத்திரி வார்டுல, இல்லேன்னா வீட்டுக்குள்ள. அவங்க எழுத மாட்டாங்க. குடும்ப மானம், வெட்கம், அதுக்கு மேல “நம்ம பத்தியம்தான் தப்பு” என்கிற குற்ற உணர்ச்சி. ஆக ஒண்ணுமே இல்லாத ஒரு பொடிக்கும் பக்கம் பக்கமா உண்மையான சாட்சிகள் சேரும். மருந்தைத் தொடர்ந்திருந்தா 36க்குப் பதிலா 73 பேர் நல்லா இருந்திருப்பாங்க என்பது அந்தப் பக்கத்துல எங்கேயும் தெரியாது. இனிமே யாராவது “பாருங்க எத்தனை பேர் குணமாயிருக்காங்க” என்று சொன்னா, “குணமாகாதவங்க பட்டியல் எங்கே?” என்று திருப்பிக் கேளுங்க.

சரி, படிக்காத எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்பீங்க. மருத்துவம் தெரிய வேண்டியதே இல்லை. நம்ம நாட்டுல 1956லேயே ஒரு சட்டம் வந்தாச்சு, மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம். அதுல 20 நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கு. புற்றுநோய், நீரிழிவு, இருதய நோய், வலிப்பு, அந்த வரிசையில மனநோயும் ஒண்ணு. இந்த நோய்களை எங்க பொருள் குணமாக்கும்னு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ணவே கூடாது. பொருள் நல்லதா கெட்டதா என்கிற பேச்சுக்கே இடமில்லை. அதாவது முகநூல்ல உங்க கண்ணுல “மனநோய்க்கு மருந்து” விளம்பரம் பட்டா, பட்டதே போதும். அந்த வார்த்தையைச் சொன்ன கணமே அவர் சட்டத்துக்கு வெளியே நிக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து விற்கிறவங்களும் தப்பிக்க முடியாது. இந்தியாவுல 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இதே மாதிரி ஒரு பட்டியல் வச்சிருக்கு, மனநோய் அதுலயும் இருக்கு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் இப்போ சிலர் வார்த்தையை மாத்துறாங்க. “மனநோய்” என்று எழுத மாட்டாங்க. “மன அமைதி”, “நரம்பு பலம்”, “எதிர்மறை சக்தி நீக்கம்” என்று எழுதிட்டு, புலனத்துல தனியா பேசும்போதுதான் நோய் பேரைச் சொல்வாங்க. வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு என்றாலே புரிஞ்சுக்கங்க.

அந்தக் குடும்பத்துக்கு நடந்த பிறகு நாங்கள் நாலு பேர் ஒரு மடிக்கணினி வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தை ஒவ்வொண்ணா தோண்டினோம். நீங்களும் செய்யலாம், ஒரு மணி நேரம் கூட ஆகாது.

முதல்ல பாட்டிலைப் பார்த்தோம். நம்ம நாட்டுல பதிவான மருந்துன்னா MAL என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில ஒரு எழுத்து இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து T. இந்தப் பாட்டில்லயும் எண் இருந்தது. npra.gov.my பக்கத்துல பொருள் தேடுற இடம் இருக்கு, அதுல எண்ணைப் போட்டோம். வந்தது வேற கம்பெனியோட வயிற்று மருந்து. எண்ணைத் திருடி ஒட்டியிருக்காங்க. அதனால எண் இருக்கான்னு மட்டும் பார்த்து நிறுத்தாதீங்க. தேடிப் பார்த்து, பொருள் பேரும் கம்பெனி பேரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. இன்னொண்ணும் சொல்லணும். எண் உண்மையாவே இருந்தாலும் T என்பதற்கு “இந்த நோயைக் குணமாக்கும்னு நிரூபிச்சாச்சு” என்று அர்த்தம் இல்லை. தரமும் பாதுகாப்பும் பார்த்து, பாரம்பரியமா எதுக்குப் பயன்பட்டதோ அதுக்குன்னு பதிவு பண்ணினது, அவ்வளவுதான். மருந்து விளம்பரத்துக்குத் தனியா ஒரு அனுமதி எண் உண்டு, KKLIU என்று தொடங்கும். அந்தப் பக்கத்துல அது இல்லவே இல்லை.

பதிவில்லாத பொடி வெறும் பொடிதான், என்ன கெட்டுடும்னு நினைக்காதீங்க. 2008இல் அமெரிக்காவுல இணையத்துல விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிச் சோதிச்சாங்க. ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் இதுல ஏதாவது ஒண்ணு இருந்தது. ஈயம் நரம்பையும் மூளையையும் கெடுக்கிற பொருள். மனசுக்குன்னு வாங்கின பொடியில அது இருந்தா எப்படி இருக்கும்! சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ நாங்கள் இழிவு பண்ணலை. எங்கள்ல பாதிப் பேர் வீட்டுல இன்னிக்கும் கசாயம்தான். முறையா பதிவு பண்ணி வைத்தியம் பார்க்கிறவங்களுக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் முதல் எதிரி.

அடுத்து அந்த வெள்ளை கோட்டு. “டாக்டர்” என்று போட்டிருந்தது. இந்த நாட்டுல மருத்துவரா வேலை பார்க்கிற எல்லார் பேரும் மலேசிய மருத்துவ மன்றத்தோட பதிவேட்டுல இருக்கும், MeRITS என்று தேடினா வரும். யாரும் போய்ப் பார்க்கலாம். அவர் பேர் இல்லை. முகநூல் பக்கத்துல Page transparency என்று ஒரு இடம் இருக்கு, நிறைய பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீங்க. அந்தப் பக்கம் எப்போ தொடங்கினது, முன்னாடி என்ன பேர்ல இருந்தது, எந்த நாட்டுல இருந்து நடத்துறாங்க என்கிற விவரம் அதுல வரும். நம்ம “முப்பது வருஷ அனுபவம்” டாக்டரோட பக்கம் பதினாலு மாசத்துக்கு முன்னாடி முடி வளரும் எண்ணெய் வித்துக்கிட்டு இருந்தது.

பக்கத்தோட அடியில ஒரு முத்திரையும் இருந்தது, HONcode என்று. மருத்துவத் தகவல் தரும் இணையப் பக்கங்களுக்கு சுவிட்சர்லாந்துல ஒரு அமைப்பு முன்னே கொடுத்த நல்ல முத்திரைதான். ஆனா அந்த அமைப்பு 2022 கடைசியோட மூடியாச்சு. இப்போ அந்த முத்திரை யார் பக்கத்துல இருந்தாலும் அது ஒரு படம், அவ்வளவுதான். முத்திரையை அழுத்திப் பார்த்தா எங்கேயும் போகாது. கடைசியா பணம் போன இடம், ஒரு தனி ஆளோட வங்கிக் கணக்கு. கம்பெனி இல்லை, முகவரி இல்லை, ரசீது இல்லை.

மருந்து விற்கிறவங்களை விட இப்போ வேகமா பெருகுறது “ஆலோசனை” விற்கிறவங்க. ஹீலர், லைஃப் கோச், ஆழ்மனச் சிகிச்சை நிபுணர், முன்ஜென்மச் சிகிச்சை. இவங்க ஏன் “கவுன்சிலர்” என்கிற வார்த்தையைத் தவிர்க்கிறாங்க தெரியுமா? 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு இல்லாம அந்தப் பேரை வச்சுக்க முடியாது. பதிவானவங்களுக்கு KB என்று ஒரு பதிவு எண்ணும், தொழில் பண்ண PA என்று ஒரு சான்றிதழும் இருக்கும். Lembaga Kaunselor Malaysia என்று தேடி, பேரைச் சரி பார்க்கலாம். ஹீலருக்கும் கோச்சுக்கும் அப்படி எந்தப் பதிவேடும் இல்லை, தப்பு பண்ணினா புகார் கொடுக்க மன்றமும் இல்லை. ஒரு வார வகுப்பு முடிச்சவரும் நாளைக்கே போர்டு மாட்டலாம்.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி, கூச்சப்படாம ஒரு வரி அனுப்புங்க: “உங்க KB எண் என்ன, PA இன்னும் செல்லுபடியா இருக்கா?” நிஜமான ஆலோசகர் உடனே கொடுப்பார், அவங்களுக்கு அது பெருமை. “நம்பிக்கை இல்லாம வர்றவங்களுக்குக் குணம் கிடைக்காது” என்று பதில் வந்தா, அந்த உரையாடலை அங்கேயே முடிச்சுக்கங்க. இன்னொரு அடையாளமும் உண்டு. ஆலோசகருக்கு மருந்து எழுதவோ நிறுத்தவோ அதிகாரம் கிடையாது. “மாத்திரையை விட்டுட்டு வாங்க” என்று சொல்ற எந்த ஆலோசகரும் தன் எல்லையைத் தாண்டின ஆள், KB எண் இருந்தாலும் சரி.

இங்கே சிலர் எங்களையே திருப்பிக் கேட்பாங்க, கேட்டும் இருக்காங்க: “கோயில்ல மட்டும் பரிகாரம் பண்றீங்களே, அது மட்டும் நிரூபிச்சதா?” நேரா பதில் சொல்றோம். 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில் என்று ஒரு சின்னக் கோயில், மனநலம் பாதிச்சவங்களைக் கூட்டிட்டு வந்து தங்க வைக்கிற வழக்கம் உள்ள இடம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அங்கே தங்கின 31 பேரை வந்தப்போவும் போகும்போதும் சோதிச்சாங்க. சராசரியா ஆறு வாரம் தங்கியிருந்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு மனச்சிதைவு வகை நோய். நோய்க்குறி அளவு ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது.

இந்த ஆய்வை வச்சுக்கிட்டு “விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு” என்று பரிகாரப் பொட்டலம் விற்கிற பக்கங்களும் உண்டு. அந்த ஆய்வுல என்ன இருந்ததுன்னு பாருங்க. அங்கே கட்டணம் இல்லை. குடும்பத்துல ஒருத்தர் கூடவே தங்கினார். காலையில பூஜை, அப்புறம் கோயில்ல சின்னச் சின்ன வேலை, யாரும் அடிக்கலை, திட்டலை, பயமுறுத்தலை. அன்பான, ஆதரவான இடம்தான் நல்லது செய்திருக்கும்னு மருத்துவர்கள் சொன்னாங்க. அவங்க நோய் முழுசா போச்சுன்னு யாரும் சொல்லலை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் அந்த ஆய்வுல இல்லை, அதனால எது எவ்வளவு உதவினதுன்னு பிரிச்சுச் சொல்லவும் முடியாது. இவ்வளவுதான் கோயிலால முடியும்னு நாங்களும் சொல்றோம். இது சின்ன விஷயம் இல்லை. ஆனா இதைப் பொட்டலம் கட்டித் தபால்ல அனுப்ப முடியாது.

புண்ணிய தலத்தைச் சுத்தி வியாபாரம் வந்தா என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டுலதான் சாட்சி இருக்கு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவுக்கு வந்த நோயாளிகளைத் தனியார் காப்பகங்கள் பணம் வாங்கிக்கிட்டு வச்சிருந்தாங்க. விடிகாலையில ஒரு காப்பகம் தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. பக்தியோட கூட்டிட்டு வந்து விட்டவங்களோட பிள்ளைகள் அவங்க. இப்போ சங்கிலிக்குப் பதிலா லிங்க் என்று சொன்னா கடுமையா இருக்கும், ஆனா பக்தியைக் காசாக்குற புத்தி ஒண்ணுதான்.

சரி, எங்கே போய் நம்பிக்கையா படிக்கிறது? நம்ம சுகாதார அமைச்சோட myhealth.moh.gov.my பக்கத்துல நோய் பேரைப் போட்டுத் தேடுங்க. பெரும்பாலும் மலாய்லயும் ஆங்கிலத்துலயும் இருக்கும், பிள்ளைங்களைப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. முகவரி .gov.my என்று முடியுதான்னு பாருங்க; முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னாடி கடைசியா அது இருக்கணும். நடுவுல எங்கேயோ gov என்று இருந்தா போதாது. மனச்சிதைவுக்குன்னே நாற்பது வருஷமா வேலை செய்ற இடம் சென்னையில ஸ்கார்ஃப், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா 1984இல் தொடங்கினது. அவங்க பக்கத்தைப் படிச்சாலே தெரியும் நல்ல தகவல் எப்படி இருக்கும்னு. மருந்தோட பக்கவிளைவைச் சொல்வாங்க, எப்போ உடனே ஆஸ்பத்திரி போகணும்னு சொல்வாங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி குணமாகாதுன்னும் சொல்வாங்க. “இது பலிக்கலைன்னா என்ன செய்யணும்” என்று ஒரு வரி கூட இல்லாத பக்கம் விற்பனைப் பக்கம். இதுதான் எங்க சோதனை, இதுவரைக்கும் பொய்த்ததில்லை.

ஆளோட பேசணும்னா சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ராத்திரி நேரத்துல தாங்க முடியலைன்னா பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க. அவங்க வைத்தியம் பார்க்கிறவங்க இல்லை, தீர்ப்பு சொல்லாம கேட்கிறவங்க. தமிழ்ல பேசுறவங்க வேணும்னா முதல்லயே கேளுங்க, எப்பவும் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. தற்கொலை முயற்சின்னு தெரிஞ்சா போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து இன்னும் சிலர் வாயைத் திறக்கிறதில்லை. அந்தச் சட்டப் பிரிவை 2023லேயே நீக்கியாச்சு. பயப்படாம போங்க.

நேர்ல போகணும்னா கிளினிக் கெசிஹாத்தான். ஐசி கொண்டு போங்க, ஒரு வெள்ளிதான். “தூக்கம் இல்லை, மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கணும்” என்று சொன்னா போதும். கேள்வித்தாள் ஒண்ணு கொடுத்துப் பார்த்துட்டு, தேவைப்பட்டா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பாங்க. காத்திருக்கணும், அது உண்மை. முதல் தேதிக்கே வாரக்கணக்கு ஆகலாம். இந்தக் காத்திருப்புலதான் 680 வெள்ளிக்காரன் உள்ளே நுழையறான், அவன் இன்னிக்கே பதில் சொல்வான். வீட்டுல யாராவது தன்னையோ பிறரையோ காயப்படுத்திடுவாங்க போல இருந்தா தேதிக்குக் காத்திருக்காதீங்க, நேரா அவசரப் பிரிவுக்குப் போங்க, இல்லேன்னா 999.

இனி குழு விஷயம். இன்னிக்கு முதல் மனநோய்க்கு மருந்து, பரிகாரம், ஹீலிங் என்று விற்கிற எந்த லிங்க் வந்தாலும் நாங்கள் கேட்காம எடுத்துடுவோம். போட்டவர் கமிட்டி ஆளா இருந்தாலும், நன்கொடை கொடுக்கிறவரா இருந்தாலும் அதேதான். “சாமி படம் போட்ட லிங்க்கை எடுக்கிறீங்களே, பாவம் இல்லையா” என்று ஒரு அண்ணன் கேட்டார். அந்தப் படத்தை அங்கே போட்டவனைக் கேளுங்க அண்ணே.

எடுத்த லிங்க்கைச் சும்மா விட மாட்டோம். திரைப்படம் பிடிச்சு, தேதி, விலை, வங்கிக் கணக்கு விவரத்தோட சுகாதார அமைச்சின் SISPAA புகார் பக்கத்துக்கு அனுப்புறோம். அந்தக் குடும்பம் வாங்கின பாட்டிலும் அப்படியே பத்திரமா இருக்கு. உங்க வீட்டுல வாங்கினது இருந்தா தூக்கிப் போடாதீங்க. பாட்டில், பெட்டி, ரசீது, புலன உரையாடல் நாலும் வேணும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு எட்டரை மணிக்கு மேல மண்டபத்து ஓரத்துல, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில மடிக்கணினியோட இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். வாங்கலாமா வேண்டாமான்னு சந்தேகமா இருக்கிற லிங்க்கைக் கொண்டு வாங்க, உங்க கண் முன்னாடியே தேடிக் காட்டுறோம். யாருக்காகன்னு கேட்க மாட்டோம்.